கடைசி வரிசையின் கணக்கு: 688, 400, 286, 200

ஸ்லைடு போடுகிறவர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரைகளில் திரும்பத் திரும்ப வரும் எண்கள் மூன்று: 24, 28, 30. "24 பாயின்ட்டுக்குக் கீழே போகாதே" என்பார்கள். கை கவாசாகி 2005-இல் எழுதிய 10-20-30 விதியில் வரும் 30-ம் இதே வகைதான்: பத்து ஸ்லைடு, இருபது நிமிடம், முப்பது பாயின்ட். அந்த முப்பதுக்கு அவரே வேடிக்கையாக இன்னொரு வழியும் சொன்னார். அறையில் இருப்பவர்களில் மூத்தவரின் வயதைக் கண்டுபிடித்து இரண்டால் வகுங்கள், அதுதான் எழுத்தின் அளவு.

வேடிக்கை இருக்கட்டும். 24 பாயின்ட் என்றால் என்ன? ஒரு பாயின்ட் என்பது அங்குலத்தில் 72-ல் ஒரு பங்கு. 24 பாயின்ட் என்றால் எட்டரை மில்லிமீட்டர். அரங்கத்துத் திரையில் எட்டரை மில்லிமீட்டரில் எந்த எழுத்தும் விழுவதில்லை. திரை பெரிதானால் அதே 24 ஒரு முழம் வரைக்கும் போகும். அப்புறம் எதை அளக்கிறது அந்த எண்? இதைத் தேடப் போனதில் கிடைத்த குறிப்புகளைத்தான் இங்கே கோத்து வைக்கிறேன்.

கண் மருத்துவரின் அட்டை

கதை 1862-இல், நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் தொடங்குகிறது. ஹெர்மன் ஸ்னெல்லன் என்ற கண் மருத்துவர் அந்த வருடம் தன் எழுத்து அட்டையை வெளியிட்டார். கண்ணாடி போடப் போகும்போது நாம் எல்லோரும் படிக்கிறோமே, மேலே ஒரு பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சிறுத்துக்கொண்டே வருவது, அதுதான். அவர் எழுத்தை மில்லிமீட்டரில் யோசிக்கவில்லை; அது கண்ணில் எவ்வளவு கோணத்தை அடைக்கிறது என்று யோசித்தார். ஒரு டிகிரியை அறுபது பங்காக்கினால் வருவது ஒரு கோண நிமிடம். சாதாரண கண் படிக்க வேண்டிய எழுத்தின் உயரம் ஐந்து கோண நிமிடம், அதிலுள்ள ஒவ்வொரு கோட்டின் தடிப்பும் ஒரு கோண நிமிடம் என்று வரையறுத்தார். அவருடைய E-ஐ நினைத்துப் பாருங்கள். மூன்று கோடு, நடுவே இரண்டு இடைவெளி, மொத்தம் ஐந்து.

நம்மூர்க் கண் மருத்துவர் 6/6 என்று எழுதுகிறாரே, அது ஆறு மீட்டரில் இந்த ஐந்து நிமிட எழுத்தைப் படித்துவிட்டீர்கள் என்பதற்கான குறிப்பு. ஆறு மீட்டரில் ஐந்து கோண நிமிடம் என்றால் எழுத்தின் உயரம் 8.7 மில்லிமீட்டர். கோணக் கணக்கு பிடிக்காதவர்களுக்கு இதையே வகுத்தலாகச் சொல்லிவிடலாம்: எழுத்தின் உயரத்தைப் போல 688 மடங்கு தூரத்தில் கண் இருக்கிறது. இனி இந்த ஒரு விகிதத்தை மட்டும் பிடித்துக்கொண்டு போவோம். எண் குறையக் குறைய எழுத்து கண்ணுக்குப் பெரிதாகிறது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

688 ஒரு எல்லைக்கோடு. மருத்துவர் அறையில் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணைச் சுருக்கி, ஒவ்வொரு எழுத்தாக, யோசித்துச் சொல்வதற்கான அளவு. யாரும் அந்த வரிசையில் ஒரு பத்தியைப் படிப்பதில்லை.

கோடாக் சொன்ன ஐம்பதில் ஒன்று

அடுத்த நிறுத்தம் கோடாக் நிறுவனம். 35 மில்லிமீட்டர் பிலிம் ஸ்லைடுகள், 1960-களின் தொடக்கத்தில் வந்த கரௌசல் என்ற வட்டத்தட்டுப் ப்ரொஜெக்டர் எல்லாம் பரவிய காலத்தில், திரையில் விழும் எழுத்து எப்படி இருக்க வேண்டும் என்று அவர்கள் கையேடுகள் போட்டார்கள். அவற்றின் சாரம் இரண்டு வரி. கடைசி வரிசை, திரையில் விழும் படத்தின் உயரத்தைப் போல எட்டு மடங்கு தூரத்துக்குள் இருக்கட்டும். மிகச் சிறிய எழுத்து, படத்தின் உயரத்தில் ஐம்பதில் ஒரு பங்குக்குக் குறையாமல் இருக்கட்டும்.

இரண்டையும் பெருக்கினால் எட்டு ஐம்பது நானூறு. நம் விகிதத்தில் 400. ஸ்னெல்லனின் எல்லையைவிட எழுத்து 1.7 மடங்கு பெரிது.

அந்தக் காலத்தில் விஷயம் எங்கே கெட்டுப்போனது என்பதையும் இந்த எண் காட்டிவிடுகிறது. தட்டச்சு செய்த முழுத்தாளை அப்படியே படம் பிடித்து ஸ்லைடாக்குவது அன்றைய வழக்கம். தட்டச்சு இயந்திரத்தின் சிறிய எழுத்து ஏறக்குறைய 2 மி.மீ. உயரம். A4 தாள் 297 மி.மீ. உயரம். அப்படியென்றால் எழுத்து, படத்தில் 148-ல் ஒரு பங்கு. தேவையானதில் மூன்றில் ஒரு பங்குதான். ஐம்பதில் ஒன்று வர வேண்டுமானால் தட்டச்சு செய்த பகுதியின் உயரம் 100 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. அதாவது கிட்டத்தட்ட ஒரு அஞ்சலட்டை. அஞ்சலட்டையில் தட்டச்சடிக்க முடிவது எவ்வளவோ, ஒரு ஸ்லைடில் அவ்வளவுதான். இன்றைக்கு எக்ஸெல் அட்டவணையை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஒட்டுகிறவர்கள் செய்வது அதே முழுத்தாள் வேலைதான்.

பாயின்ட் உண்மையாக இருந்த காலம்

பாயின்ட் ஸ்லைடுக்குள் நுழைந்தது எப்படி? பவர்பாயின்ட் 1987-இல் மெக்கின்டாஷுக்காக வந்தது. ஃபோர்தாட் என்ற சிறு நிறுவனத்தில் ராபர்ட் காஸ்கின்ஸும் டென்னிஸ் ஆஸ்டினும் செய்தது. அதே வருடம் மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தை வாங்கிவிட்டது. அந்த முதல் பதிப்பு கணினியிலிருந்து நேராகத் திரைக்குப் போவதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஓவர்ஹெட் ப்ரொஜெக்டரில் வைக்கும் ஒளிபுகும் தாளை அச்சடிப்பதற்காகச் செய்யப்பட்டது. லேசர் அச்சுப்பொறியில் 24 பாயின்ட் என்று கொடுத்தால் தாளில் நிஜமாகவே 24 பாயின்ட் விழுந்தது. ஸ்கேல் வைத்து அளக்கலாம்.

தாள் போய்விட்டது, அளவு மட்டும் தங்கிவிட்டது. பவர்பாயின்ட் ஸ்லைடின் இயல்பளவு நெடுங்காலம் 10 × 7.5 அங்குலம். 2013 பதிப்பில் அகலத் திரைக்கு மாறியபோதும் அகலத்தை 13.33 ஆக்கினார்களே தவிர, உயரத்தை 7.5-லேயே விட்டார்கள். ஆகவே பவர்பாயின்ட்டில் பாயின்ட் என்பதற்கு இன்று ஒரே பொருள்தான்: ஸ்லைடு உயரத்தில் 540-ல் ஒரு பங்கு (7.5 × 72 = 540). அங்குலமும் இல்லை, மில்லிமீட்டரும் இல்லை, வெறும் பின்னம்.

வேறு மென்பொருளுக்குப் போனால் இந்தப் பின்னம் மாறிவிடும் என்பதுதான் பலரும் கவனிக்காத இடம். கூகுள் ஸ்லைட்ஸின் இயல்பான பக்கம் 10 × 5.625 அங்குலம், உயரம் 405 பாயின்ட். அங்கே 24 என்பது பவர்பாயின்ட்டின் 32-க்குச் சமம். லேடெக் ஆட்கள் பயன்படுத்தும் பீமரில் பக்கத்தின் உயரம் 96 மில்லிமீட்டர்தான். அதில் இயல்பாக வரும் 11 பாயின்ட் எழுத்து பவர்பாயின்ட் கணக்கில் கிட்டத்தட்ட 22. பீமர்காரர் "நான் 11-தான் போட்டேன், தெரிந்ததே" என்பார். பவர்பாயின்ட்காரர் "24-ஏ தெரியலைன்னு சொன்னாங்க" என்பார். இருவரும் ஏறக்குறைய ஒரே அளவைத்தான் போட்டிருக்கிறார்கள், அரங்கம்தான் வேறு.

இன்னொரு சிக்கல், பாயின்ட் அளப்பது எழுத்தை அல்ல. உலோக அச்சுக் காலத்தில் எழுத்து உட்கார்ந்திருந்த கட்டையின் உயரத்தை அளந்தார்கள், அந்த வழக்கம்தான் தொடர்கிறது. ஆங்கிலச் சிறிய எழுத்தான x-இன் உயரம் பல எழுத்துருக்களில் அதில் பாதிதான் வரும். கோடாக்கின் ஐம்பதில் ஒன்றை 540-இல் போட்டால் 10.8, அது x-இன் உயரம். எழுத்துருவின் அளவாக்கினால் ஏறக்குறைய 22. "24-க்குக் கீழே போகாதே" என்கிற அறிவுரை இதிலிருந்துதான் வந்தது என்பதற்கு என்னிடம் ஆதாரம் கிடையாது. ஆனால் அது சரியாகப் பொருந்தும் அரங்கம் எது என்று இப்போது சொல்ல முடியும்: கடைசி வரிசை எட்டு மடங்கு உயரத்தில் இருக்கிற அரங்கம், அதுவும் படிக்க முடிகிற மிகக் குறைந்த அளவில்.

படிக்க முடிவதும், படித்துவிடுவதும்

மிகக் குறைந்த அளவு போதாதா? இதற்கான பதில் வாசிப்பு ஆய்விலிருந்து வந்தது. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் கோர்டன் லெக், எழுத்தின் கோண அளவை மாற்றிக்கொண்டே போனால் படிக்கும் வேகம் என்ன ஆகிறது என்று பல வருடங்கள் அளந்தவர். 2011-இல் அவரும் லூசிடா எழுத்துருவை வடிவமைத்தவர்களில் ஒருவரான சார்லஸ் பிகெலோவும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். x-இன் உயரம் 0.2 டிகிரியிலிருந்து 2 டிகிரி வரை இருந்தால் படிக்கும் வேகம் உச்சத்தில் நிற்கிறது. 0.2 டிகிரிக்குக் கீழே இறங்கினால் வேகம் சரிகிறது. எழுத்து தெரியும், படிக்கவும் முடியும், ஆனால் மெதுவாக.

0.2 டிகிரி என்பது 12 கோண நிமிடம். நம் விகிதத்தில் 286. கோடாக்கின் 400 இந்த விளிம்புக்கு வெளியே நிற்கிறது.

அரங்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் நிலைமையை வைத்து இதைப் பார்க்க வேண்டும். புத்தகமென்றால் மெதுவாகப் படித்துக்கொள்ளலாம். ஸ்லைடு முக்கால் நிமிடம் நிற்கும். அதே நேரத்தில் பேச்சாளர் வேறொன்று சொல்லிக்கொண்டிருப்பார். முன்வரிசைக்காரர் ஒரு பார்வையில் படித்துவிட்டுப் பேச்சுக்குத் திரும்பிவிடுகிறார். கடைசி வரிசைக்காரர் இன்னும் மூன்றாவது வரியில் இருக்கிறார். பேச்சையும் விட்டார், ஸ்லைடையும் முடிக்கவில்லை. "பின்னாடி தெரியுதா?" என்று கேட்டால் "தெரியுது" என்றுதான் அவரும் சொல்வார், பொய்யும் இல்லை. அதனால் அந்தக் கேள்வியால் ஒன்றும் தெரியாது. பின்வரிசைகளில் கைபேசிகள் மேலே எழும்புகிறதா, ஜூம் பண்ணி ஸ்லைடைப் படம் எடுக்கிறார்களா என்று பாருங்கள். அது ஞாபகத்துக்காக மட்டும் எடுக்கும் படம் அல்ல. பல நேரம் படிப்பதற்காகவே எடுப்பது.

அரங்கத்துக்கு ஒலி-ஒளி அமைப்பவர்களின் சங்கமான இன்ஃபோகாம் 2016-இல் திரையின் அளவுக்கு ஒரு அமெரிக்கத் தரநிர்ணயம் கொண்டுவந்தது (சங்கம் அடுத்த வருடம் அவிக்ஸா என்று பெயர் மாற்றிக்கொண்டது). அதில் சாதாரணக் கூட்டங்களுக்கான சூத்திரத்தில் உட்கார்ந்திருக்கும் எண் 200. எழுத்தின் உயரத்தைப் போல 200 மடங்குக்கு மேல் யாரும் தள்ளி உட்காரக் கூடாது. நூற்றைம்பது வருடத்தில் 688 இப்படித்தான் 200-க்கு வந்தது. நடுவில் மனிதனின் கண் மாறவில்லை. "தெரிகிறதா" என்ற கேள்வி "கேட்டுக்கொண்டே படித்துவிட முடிகிறதா" என்று மாறியிருக்கிறது.

ஒரு அரங்கம்

நான் டேப் வைத்து அளந்த ஒரு கல்லூரி அரங்கத்தை எடுத்துக்கொள்கிறேன். திரையிலிருந்து கடைசி நாற்காலி 22 மீட்டர். திரை பழைய 4:3 வகை, 3 மீட்டர் அகலம், 2.25 மீட்டர் உயரம். சூத்திரம் இதுதான்:

```
pt = 540 * (D / H) / (N * x)
```

D கடைசி வரிசையின் தூரம், H திரையில் விழும் படத்தின் உயரம், N நாம் பேசிவந்த விகிதம், x எழுத்துருவின் அளவில் எழுத்தின் உண்மை உயரம் எவ்வளவு என்பது. ஆங்கிலத்துக்குத் தோராயமாக 0.5.

ஸ்லைடும் 4:3 என்றால் D / H = 9.8. கோடாக்கின் 400-க்கு 26 பாயின்ட், லெக்கின் 286-க்கு 37, இன்ஃபோகாமின் 200-க்கு 53. கவாசாகியின் 30 இங்கே "முயன்றால் படிக்கலாம்" என்ற ரகம்.

ஆனால் பெரும்பாலோர் இன்று கொண்டுவருவது 16:9 ஸ்லைடு. அது இந்தத் திரையில் மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை விட்டு உட்காரும். படத்தின் உயரம் 1.69 மீட்டராகக் குறைந்துவிடும். D / H 13 ஆகிவிடும். இப்போது அதே மூன்று எண்கள் 35, 49, 70. எழுத்துருவில் கைவைக்காமல், ஸ்லைடின் வடிவத்தைத் திரைக்கு ஏற்ப 4:3 ஆக மாற்றினாலே எழுத்து மூன்றில் ஒரு பங்கு பெரிதாகிவிடுகிறது. அதனால் அரங்கத்துக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது "திரை எத்தனை அடி" என்று இல்லை. "திரை என்ன வடிவம், கடைசி வரிசை எவ்வளவு தூரம்" என்றுதான்.

இந்த அரங்கத்துக்கு 4:3-இல் 40 பாயின்ட் வைத்துக்கொண்டால் தலைப்பு போக எட்டு வரி வரும். பன்னிரண்டு பத்தி கொண்ட அட்டவணை வராது. அதில் பேசப்போகிற இரண்டு எண்களை மட்டும் எடுத்துப் போட வேண்டியதுதான். அப்புறம் தரை சமமான அரங்கமென்றால் ஸ்லைடின் கீழ்க் கால்பகுதி முன்னால் இருப்பவர்களின் தலைக்குப் பின்னால் போய்விடும். எந்த சூத்திரமும் அதைக் காப்பாற்றாது.

பொறியாளன் என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். 40 போட்டுவிட்டோம் என்று நம்பி உட்கார்ந்திருப்போம். மேலும் இரண்டு வரி சேர்த்ததும் பவர்பாயின்ட் தானாகவே எழுத்தைச் சுருக்கிவிடும். அதன் பெயர் `AutoFit`. .pptx கோப்பைப் பிரித்து உள்ளே பார்த்தால் இப்படி ஒரு வரி இருக்கும்:

```
<a:normAutofit fontScale="62500" lnSpcReduction="20000"/>
```

62500 என்றால் 62.5 சதவீதம். 40 என்று அமைத்தது திரையில் 25 ஆகத்தான் விழும். அந்தப் பெட்டிகளில் `Do not Autofit` என்பதைத் தேர்ந்துவிட்டால் எழுத்து சுருங்காது, பெட்டிக்கு வெளியே வழியும். வழிந்தால் கண்ணுக்குத் தெரியும், வெட்டலாம்.

பணியும் பனியும்

இதுவரை பேசிய எண்கள் எல்லாம் ரோமன் எழுத்தை வைத்து வந்தவை. தமிழ் ஸ்லைடுக்கு இரண்டு இடங்களில் கணக்கு மாறும்.

ஒன்று, x-இன் மதிப்பு. மேல் விலங்கு, கீழ் விலங்கு, கால் எல்லாவற்றுக்கும் இடம் விட வேண்டியிருப்பதால் 'ப' போன்ற எழுத்தின் உயரம் எழுத்துருவுக்கு எழுத்துரு வேறுபடும். ஊகிக்க வேண்டாம். 100 பாயின்ட்டில் ஒரு 'ப' தட்டி, அதன் மேல் சரியாக உட்காரும் ஒரு செவ்வகம் வரைந்து, செவ்வகத்தின் உயரத்தைப் பாருங்கள். அதைப் பாயின்ட்டாக்கி 100-ஆல் வகுத்தால் x.

இரண்டாவது முக்கியமானது. ஸ்னெல்லனின் எழுத்தில் வேறுபாட்டைக் காட்டும் நுணுக்கம் எழுத்தின் உயரத்தில் ஐந்தில் ஒன்று. தமிழில் வேறுபாடு பல நேரம் அதைவிடச் சிறிய ஒரு சுழியிலோ புள்ளியிலோ இருக்கிறது. 'ன'வுக்கும் 'ண'வுக்கும் நடுவே ஒரு சுழி. 'வி'க்கும் 'வீ'க்கும் நடுவே ஒரு சுழி. ஏகார ஓகாரத்துக்கு வீரமாமுனிவர் கொடுத்ததாகச் சொல்லப்படும் இரட்டைச் சுழிக் கொம்பும் அப்படித்தான். ஓலையில் குத்தினால் கிழியும் புள்ளிக்குப் பதில் வந்த அந்தச் சுழி, ப்ரொஜெக்டரில் முதலில் அடைபடுவதில் ஒன்று. தடித்த எழுத்து போட்டால் இன்னும் சீக்கிரம் அடைபடும். வாக்கியத்தில் இருந்தால் நாம் ஊகித்துப் படித்துவிடுவோம். ஊர்ப்பெயர், ஆள்பெயர், கல்வெட்டு வாசகம் என்றால் ஊகிக்க முடியாது.

அதனால் தமிழ் ஸ்லைடுக்கு நான் சோதனை வைப்பது இந்தச் சொற்களை: பணி, பனி, விடு, வீடு, கொல், கோல், மனம், மணம், எடு, ஏடு. இவற்றைக் கலைத்துப் போட்டு, உத்தேசித்த அளவில் ஒரு ஸ்லைடு. அரங்கத்துக்கு முன்கூட்டியே போக முடியாவிட்டால் வீட்டிலேயே பார்க்கலாம். கோணம் ஒன்றாக இருந்தால் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். 14 அங்குல மடிக்கணினியில் 16:9 திரையின் உயரம் 17.4 செ.மீ. ஸ்லைடு அந்த உயரம் முழுவதும் நிறைந்தால், 9.8 மடங்கு என்பது 1.7 மீட்டர். அவ்வளவு தூரம் தள்ளி நின்றால் நீங்கள் அந்த அரங்கத்தின் கடைசி நாற்காலியில் இருக்கிறீர்கள். பிலிம் காலத்திலும் இதே வேலை நடந்தது: 24 மி.மீ. உயர ஸ்லைடை வெளிச்சத்தில் ஒரு சாண் தூரத்தில் பிடித்தால் அதுதான் எட்டு மடங்கு.

படிப்பவர் நீங்களாக இருக்கக் கூடாது. எழுதியவருக்குச் சொல் மனப்பாடம், கண் பார்க்காமலே வாய் சொல்லிவிடும். வீட்டில் வேறு யாரையாவது, முடிந்தால் ஐம்பதைத் தாண்டியவரை, தூரப்பார்வைக் கண்ணாடியோடு நிறுத்துங்கள். தடங்காமல் ஒரே மூச்சில் படிக்கிறாரா என்று கேளுங்கள். சரியாகப் படித்தாலும், ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று நின்று படித்தால் இன்னும் 400-இல்தான் இருக்கிறீர்கள். நான்கு நான்கு பாயின்ட்டாக ஏற்றி மறுபடி கேட்கலாம். தடங்கல் நின்ற அளவுக்கு மேல் இன்னொரு படி கூட்டி வைப்பது நல்லது. மடிக்கணினித் திரையின் கூர்மையும் கறுப்பும், ஜன்னல் திரை சரியாக மூடாத அரங்கத்தில் சுவரில் விழும் வெளிச்சத்துக்குக் கிடைக்காது.